16 செ.மீ கையில் 45 மி.மீ வாட்ச் உட்காருமா?

"என் மணிக்கட்டின் சுற்றளவு 16 செ.மீ. சீக்கோவின் டர்ட்டில் என்ற டைவர் வாட்ச் மேல் ரொம்ப நாளாக ஒரு கண். ஆனால் விட்டம் 45 மி.மீ என்று போட்டிருக்கிறது. நண்பர்கள் எல்லாரும் 'உன் கைக்கு 40-ஐத் தாண்டாதே, ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு நிக்கும்' என்கிறார்கள். எங்கள் ஊரில் போட்டுப் பார்க்கக் கடை இல்லை, ஆன்லைனில்தான் வாங்க வேண்டும். வாங்கும் முன்பே கைக்குப் பொருந்துமா என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?"

வழி இருக்கிறது, ஒரு ஸ்கேலும் கொஞ்சம் அட்டையும் போதும். ஆனால் அதற்கு முன்னால் அந்த 45-ஐக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். வாட்ச் கைக்கு வெளியே நீட்டுவதற்கும் விட்டத்துக்கும் உள்ள தொடர்பு, உங்கள் நண்பர்கள் நினைப்பதைவிட ரொம்பக் குறைவு.

இப்போது கையில் ஏதாவது வாட்ச் கட்டியிருந்தால் ஒருமுறை குனிந்து பாருங்கள். 9-லிருந்து 3-க்குப் போகும் கோடு முழங்கையிலிருந்து விரல்களை நோக்கி ஓடுகிறது. அந்தத் திசையில் கை நீளமாக இருக்கிறது, இடத்துக்குப் பஞ்சமில்லை. 12-லிருந்து 6-க்குப் போகும் கோடுதான் மணிக்கட்டின் குறுக்கே போகிறது. இடம் குறைவாக இருப்பது அங்கேதான். அந்தக் கோட்டில் வாட்ச் வட்டமாக முடிந்துவிடுவதில்லை. கேஸ் எனப்படும் வாட்சின் உடலுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என ஸ்ட்ராப்பைப் பிடித்துக்கொள்ள நான்கு கொம்புகள் நீண்டிருக்கும், அவற்றுக்கு லக் என்று பெயர். மேல் லக்கின் நுனியிலிருந்து கீழ் லக்கின் நுனி வரை உள்ள தூரம்தான் உங்கள் கைக்குக் குறுக்கே கிடக்கப்போகும் உண்மையான நீளம். கடைக்காரர்கள் பெரிதாகப் போடும் விட்டத்தில் இது அடங்காது.

நீங்கள் கேட்ட டர்ட்டிலையே எடுத்துக்கொள்ளுங்கள். விட்டம் 45 மி.மீ, லக் நுனியிலிருந்து லக் நுனி வரை 48-க்குச் சற்றுக் குறைவு. அதாவது கேஸைத் தாண்டி ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டர்கூட நீட்டவில்லை. 1976-ல் வந்த 6309 என்ற பழைய சீக்கோ டைவரின் வடிவம் அது. தலையணை மாதிரி இருபுறமும் உப்பிய கேஸ், அதற்குள்ளேயே லக் ஒளிந்துகொண்டிருக்கும். மேலிருந்து பார்க்க ஆமை ஓடு போல இருப்பதால்தான் அந்தச் செல்லப்பெயர். இதற்குப் பக்கத்தில் ஜெர்மனியின் நோமோஸ் டாங்கென்டே 38-ஐ வையுங்கள். மெல்லிய, அடக்கமான, கோட்டு சூட்டுக்குப் போடும் வாட்ச். விட்டம் 37.5 மட்டுமே. ஆனால் லக் நான்கும் கொக்குக் கால் போல நீளம், நுனிக்கு நுனி அளந்தால் சுமார் 48. ஒன்று 45, இன்னொன்று 37.5. மணிக்கட்டின் குறுக்கே இரண்டும் கேட்பது ஏறக்குறைய ஒரே இடம். "40-ஐத் தாண்டாதே" என்ற கணக்கில் நோமோஸ் தேறிவிடும், டர்ட்டில் தோற்றுவிடும். கையில் போட்டுப் பார்த்தால் அப்படி ஒரு வித்தியாசமே இருக்காது.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். என் மணிக்கட்டும் உங்களுடையதைப் போலத்தான், 16 செ.மீ-ஐ ஒட்டியது. சில வருடங்களுக்கு முன் 42 மி.மீ பைலட் வாட்ச் ஒன்று வாங்கினேன். அதற்கு முன்பு கட்டிக்கொண்டிருந்த 42.5 மி.மீ டைவர் கச்சிதமாக உட்கார்ந்திருந்ததால், அரை மில்லிமீட்டர் குறைவுதானே என்று அளவே பார்க்கவில்லை. பெட்டியைத் திறந்து கட்டிய உடனே தெரிந்துவிட்டது. லக் நான்கும் வளைவே இல்லாமல் ஸ்கேல் வைத்தது போல நேராகப் போய், கை சரிந்து இறங்கும் இடத்தைத் தாண்டி அந்தரத்தில் நின்றன. ஓட்டு வீட்டின் கூரை சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி. அளந்து பார்த்தால் நுனிக்கு நுனி 52. பழைய டைவரில் அது 46. விட்டத்தில் அரை மில்லிமீட்டர் சிறியது, நீளத்தில் ஆறு மில்லிமீட்டர் பெரியது. மூன்று மாதம் பிடிவாதமாகக் கட்டிப் பார்த்துவிட்டு நஷ்டத்துக்கு விற்றேன்.

சரி, வாட்ச் பக்கம் பார்க்க வேண்டிய எண் லக் நீளம். கை பக்கம் எந்த எண்ணைப் பார்ப்பது? நீங்கள் கொடுத்திருக்கும் 16 செ.மீ என்ற சுற்றளவு ஸ்ட்ராப் வாங்கத்தான் உதவும். வாட்ச் நீட்டுமா நீட்டாதா என்பதை அது சொல்லாது. காரணம் எளிது. ஒரே சுற்றளவுள்ள இரண்டு கைகள் வேறு வேறு வடிவத்தில் இருக்கலாம். மணிக்கட்டைக் குறுக்கே வெட்டியது போல நினைத்துப் பாருங்கள். நல்ல வட்டமாக இருந்தால் 16 செ.மீ சுற்றளவுக்கு அகலம் 51 மி.மீ. கொஞ்சம் தட்டையாக, 46 மி.மீ உயரம் உள்ள நீள்வட்டமாக இருந்தால் அகலம் 56. இன்னும் தட்டையாகி உயரம் 41 ஆனால் அகலம் 60. மூன்றுக்கும் டேப் சுற்றினால் 16-தான் வரும். அகலத்தில் மட்டும் 9 மி.மீ வித்தியாசம். ஒரு வாட்ச் கச்சிதமா, கோமாளித்தனமா என்பதைத் தீர்மானிக்க அந்த 9 மி.மீ தாராளமாகப் போதும். "எனக்கும் 16-தான், எனக்குச் சரியா இருக்கே" என்று யாராவது சொன்னால் அது அவர் கைக்கு உண்மை, அவ்வளவுதான்.

ஆகவே அகலத்தை அளக்க வேண்டும். எங்கே அளப்பது என்பது முக்கியம். சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டில் ஓர் எலும்பு முண்டு முண்டாகப் புடைத்திருக்கும். வாட்ச் அதன் மேல் உட்காரக்கூடாது, அதற்குச் சற்று முழங்கைப் பக்கமாக உட்கார வேண்டும். எலும்பின் மேலேயே அளந்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டி உங்களை ஏமாற்றும். நீங்கள் வழக்கமாக வாட்ச் கட்டும் இடம் எதுவோ அங்கே பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். உள்ளங்கை கீழே பார்க்க, கையை மேஜை மேல் வையுங்கள். இரண்டு தடித்த புத்தகங்களை நிமிர்த்தி, கோடு போட்ட இடத்தில் இரண்டு பக்கமிருந்தும் தோலைத் தொடும் வரை நகர்த்துங்கள். அழுத்த வேண்டாம், தொட்டால் போதும். கையை மெதுவாக உருவிக்கொண்டு புத்தகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்தால் அதுதான் அகலம். ஸ்கேலைக் கை மேலேயே வைத்து அளப்பவர்களும் உண்டு, ஆனால் கண் கொஞ்சம் சாய்ந்தாலும் அளவு தவறிவிடும். லேத் பட்டறையில் தெரிந்தவர் இருந்தால் வெர்னியர் வாங்கி அளப்பது இன்னும் நல்லது.

ஸ்கேலே கையில் இல்லையா? ஏடிஎம் கார்டின் அகலப் பக்கம் 85.6 மி.மீ, குறுகிய பக்கம் கிட்டத்தட்ட சரியாக 54 மி.மீ. எந்த வங்கியின் கார்டாக இருந்தாலும் அதே அளவுதான். குறுகிய பக்கம் மணிக்கட்டின் குறுக்கே வருகிற மாதிரி கார்டைக் கை மேல் வைத்து, நேர் மேலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். இரண்டு பக்கமும் தோல் தெரிந்தால் உங்கள் அகலம் 54-க்கு மேல். கார்டு தோலை மறைத்தால் அதற்குக் கீழ்.

அந்தக் கார்டை இன்னொரு வேலைக்கும் பயன்படுத்துங்கள். குறுகிய பக்கத்தின் விளிம்பு தோலைத் தொடும்படி கார்டைச் செங்குத்தாக நிறுத்தி, விரல் பக்கமிருந்து கண்ணைத் தாழ்த்திப் பாருங்கள். நடுவில் ஒரு பகுதி தோலோடு ஒட்டியிருக்கும். அதற்கப்புறம் இரண்டு ஓரத்திலும் கை சரிந்து இறங்க, கார்டுக்கும் தோலுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். ஒட்டியிருக்கும் பகுதிதான் கையின் சமதளம். என் கையில் அகலம் 56, ஆனால் சமதளம் 38-தான். மீதி 18-ம் இரண்டு பக்கமும் சரிவு. சிலருக்கு மணிக்கட்டு பலகை மாதிரி இருக்கும், சமதளமே 48 வரும். அப்படிப்பட்ட கை அமைந்தவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமைதான்.

இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நான் வைத்திருக்கும் கணக்கு இது: லக் நீளம் கையின் அகலத்தைவிட ஆறு மில்லிமீட்டராவது குறைவாக இருந்தால் கவலையே வேண்டாம், பக்கத்துக்கு மூன்று மி.மீ தோல் தெரியும், பார்க்க வாட்ச் கைக்குள் அடங்கியிருக்கும். வித்தியாசம் ஆறுக்கும் இரண்டுக்கும் நடுவே இருந்தால் லக்கின் வளைவைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டுக்கும் கீழே போனால் வளைவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன். இது சட்டமல்ல, என் கண்ணுக்குப் பிடித்த அளவு. பெரிதாகத் தெரிய வேண்டும் என்றே வாங்குகிறவர்களுக்கு இதில் தளர்வு உண்டு. ஆனால் நுனி கையின் ஓரத்தைத் தாண்டிவிட்டால் அது ரசனை சார்ந்த விஷயமாக மட்டும் இருக்காது. சட்டைக் கை மாட்டும், கதவு நிலையில் இடிக்கும், ஸ்ட்ராப் எவ்வளவு இறுக்கினாலும் வாட்ச் தள்ளாடும்.

வளைவு என்றேன், அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வாட்சை முகம் மேலே பார்க்க ஒரு கண்ணாடி மேஜையில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் இரண்டில் ஒன்று தெரியும். லக் நுனிகள் மேஜையைத் தொட்டுக்கொண்டு, பின்மூடி சற்று மேலே நிற்கும். அல்லது பின்மூடி மட்டும் மேஜையில் உட்கார்ந்து, லக் நுனிகள் காற்றில் நிற்கும். முதல் வகையில் லக் கீழ்நோக்கி வளைந்திருக்கிறது, கையின் சரிவைத் தழுவிக்கொண்டு இறங்கும். இரண்டாவது வகையில் வாட்ச் முழுவதும் பின்மூடி என்ற ஒரு வட்டத்தின் மேல்தான் நிற்கிறது, நாணயத்தின் மேல் தட்டை வைத்தது போல. நுனிக்குக் கீழே எப்போதும் இடைவெளி இருக்கும், நீளம் குறைவாக இருந்தாலும் நீட்டிக்கொண்டிருப்பது போலத் தெரியும். என் பைலட் வாட்ச் இந்த இரண்டாவது வகை. 52 என்ற நீளமும் நேர் லக்கும் சேர்ந்ததால்தான் அவ்வளவு மோசம். அதே 52 நன்றாக வளைந்திருந்தால் என் 56 கையில் ஏதோ ஒப்பேறியிருக்கலாம். விற்பவர் பக்கவாட்டுப் படம் போட்டிருந்தால் முதலில் அதைத்தான் நான் பெரிதாக்கிப் பார்ப்பேன். பின்மூடியின் அடிக்கோட்டுக்கும் லக் நுனிக்கும் ஒரு நேர்கோடு பிடித்துப் பாருங்கள், நுனி கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா என்று உடனே தெரியும்.

அடுத்த சிக்கல், இந்த நீளத்தை எங்கே தேடுவது? சீக்கோ தன் தளத்தில் தடிமன், விட்டம், நீளம் என்று மூன்றாகக் கொடுக்கிறது. மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. கேசியோ மூன்று எண்களைப் பெருக்கல் குறி போட்டுக் கொடுக்கும். ஜி-ஷாக் டிடபிள்யூ-5600 என்றால் 48.9 × 42.8 × 13.4. முதல் எண் கையின் குறுக்கே வருவது, இரண்டாவது கையின் நீளவாக்கில் வருவது, மூன்றாவது தடிமன். ஆனால் விற்பனைத் தளங்களில் பெரும்பாலும் விட்டம் மட்டும்தான் இருக்கும். கூடவே "லக் விட்த் 22 மி.மீ" என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது இரண்டு கொம்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, அதாவது ஸ்ட்ராப்பின் அகலம். நாம் தேடும் நீளத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

எங்குமே கிடைக்காவிட்டால் படத்திலிருந்து கணக்குப் போடலாம். நேர் முன்னாலிருந்து எடுத்த படமாக இருக்க வேண்டும், சாய்த்து எடுத்தது உதவாது. செயினோடு இருக்கும் படத்தில் லக் நுனி எங்கே முடிகிறது என்று தெரியாது, அதே மாடல் தோல் ஸ்ட்ராப்போடு இருந்தால் அந்தப் படத்தை எடுங்கள். திரையில் பெரிதாக்கி, சாவி கொடுக்கும் குமிழை விட்டுவிட்டுக் கேஸின் அகலத்தை ஸ்கேலால் அளங்கள். 90 மி.மீ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே படத்தில் மேல் நுனியிலிருந்து கீழ் நுனி வரை அளந்தால் 104. வாட்சின் விட்டம் 42 என்று போட்டிருக்கிறார்கள். 42-ஐ 104-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 48.5. ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் 46-ஐயும் 52-ஐயும் பிரித்துக்காட்ட இது போதும். என் பைலட் வாட்சுக்கு இரண்டு நிமிடம் செலவழித்து இதைச் செய்திருந்தால் பணம் மிஞ்சியிருக்கும்.

எண் கிடைத்ததும் ஒரு பொம்மை வாட்ச் செய்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், நான் இப்போதும் செய்கிறேன். நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டை மாதிரி விறைப்பான அட்டையில் வாட்சின் விட்டத்துக்கு ஒரு வட்டம். அதன் நடுவழியாக லக் நீளத்துக்கு ஒரு பட்டை, ஸ்ட்ராப்பைவிட ஐந்தாறு மில்லிமீட்டர் அதிக அகலத்தில். உங்கள் டர்ட்டிலுக்கு வட்டம் 45, பட்டை 48 நீளம், 28 அகலம். இரண்டையும் ஒரே துண்டாக வெட்டி, பட்டையின் இரண்டு நுனிக்கும் கொஞ்சம் உள்ளே ஓட்டை போட்டு, ரப்பர் பேண்ட் கோத்துக் கையில் மாட்டுங்கள். கண்ணாடி முன்னால் இரண்டு மூன்று அடி தள்ளி நின்று, கையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். பிறகு மேலிருந்து பாருங்கள். நுனி தோலுக்குள் இருக்கிறதா, ஓரத்துக்கே வந்துவிட்டதா என்று உடனே தெரியும். அட்டை வளையாது என்பதால், நிஜ வாட்சின் லக் வளைந்ததாக இருந்தால் இதைவிட நன்றாகத்தான் உட்காரும். ஆகவே இந்தச் சோதனை கொஞ்சம் கண்டிப்பானது. அதுவும் நல்லதுதான்.

ஒரு எச்சரிக்கை. மொபைலில் கையைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்காதீர்கள். ஒரு சாண் தூரத்தில் வைத்து எடுக்கும்போது லென்ஸுக்கு அருகில் இருக்கும் வாட்ச் பெருத்தும், பின்னால் இருக்கும் கை சிறுத்தும் தெரியும். படத்தில் 40 மி.மீ வாட்சுகூடச் சுவர்க் கடிகாரம் மாதிரி இருக்கும். "40-ஐத் தாண்டாதே" என்ற உபதேசம் பாதி இந்தப் படங்களிலிருந்து பிறந்தது என்பது என் சந்தேகம்.

இதுவரை சொன்னதெல்லாம் தோல் அல்லது ரப்பர் ஸ்ட்ராப்புக்கு நேராகப் பொருந்தும். ஸ்டீல் செயின் என்றால் இன்னொரு கணக்கு இருக்கிறது. கேஸோடு சேரும் முதல் இணைப்புத் துண்டு இருக்கிறதே, சில வாட்சுகளில் அது லக்கோடு முடிந்துவிடும், அங்கிருந்தே செயின் மடங்கி இறங்கும். சிலவற்றில் அந்தத் துண்டு லக்கைத் தாண்டி வெளியே வந்து, மடங்காமல் விறைத்து நிற்கும். அப்போது கைக்கு லக் நுனி எங்கே என்பது முக்கியமல்ல, முதல் மடிப்பு எங்கே என்பதுதான் முக்கியம். டிசோ பிஆர்எக்ஸ் 40 இதற்கு நல்ல உதாரணம். காகிதத்தில் நீளம் 44-ஐ ஒட்டித்தான் வரும், சின்னக் கைக்கும் சொர்க்கம் என்று தோன்றும். ஆனால் கேஸோடு ஒட்டிய துண்டுகள் உடனே மடங்காமல் நீண்டுபோவதால் கையில் அது சுமார் 51 மி.மீ வாட்ச் போல நடந்துகொள்ளும். 54 அகலக் கைக்காரர்கள் 40-ஐ வாங்கிவிட்டு, ஏன் இருபுறமும் இடைவெளி தெரிகிறது என்று குழம்புவது இதனால்தான். அவர்களுக்கு அதன் 35 மி.மீ மாடல் இருக்கிறது. ஜி-ஷாக்கிலும் இதே கதைதான். ஸ்ட்ராப்பின் முதல் ஒரு சென்டிமீட்டர் விறைப்பாக இருந்து, கேஸிலிருந்து சிறகு விரித்தது போல வெளியே போகும். ரப்பர் பழகப் பழகக் கொஞ்சம் தணியும், முழுக்கத் தணியாது.

வாட்ச் சரியான அளவாகவே இருந்தும் நீட்டுவது போலத் தெரிய இன்னொரு காரணம் உண்டு, அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். செயினைச் சுருக்கும்போது கடையில் எந்தப் பக்கத்திலிருந்து கண்ணிகளைக் கழற்றினார்கள் என்பது. ஒருமுறை ஒரு கடையில் கொடுத்தேன். அவசரத்தில் மூன்று கண்ணிகளையும் 12 மணிப் பக்கத்திலிருந்தே கழற்றிவிட்டார்கள். செயின் இறுக்கம் சரியாக இருந்தது, ஆனால் கொக்கி மணிக்கட்டின் அடியில் நடுவில் வராமல் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது. அதற்கு ஈடாக வாட்சின் தலை மேலே எதிர்ப்பக்கமாகத் தள்ளிப்போய், ஒரு நுனி கையின் ஓரத்தைத் தாண்டி நின்றது. மறுபக்கம் ஒரு விரற்கடை தோல் சும்மா கிடந்தது. ஒரு கண்ணியை இடம் மாற்றிப் போட்டதும் அதே வாட்ச் நடுவில் வந்து உட்கார்ந்தது. ஆகவே ஒரு பக்கம் மட்டும் நீட்டினால் வாட்சைக் குறை சொல்லாதீர்கள், கையைத் திருப்பிக் கொக்கி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நீட்டினால்தான் அது அளவின் குற்றம். பெரும்பாலான கைகளில் 6 மணிப் பக்கம் 12 மணிப் பக்கத்தைவிட ஒரு கண்ணி குறைவாக இருந்தால் கொக்கி நடுவில் வரும்.

நேட்டோ என்று சொல்லும் நைலான் ஸ்ட்ராப்பைப் பற்றியும் கேட்பீர்கள், டர்ட்டில் வாங்குபவர்கள் எல்லாரும் அதில் ஒன்று வாங்குவார்கள். அந்தத் துணி வாட்சின் அடியிலும் போகிறது என்பதால் வாட்சை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கிவிடும். ஏற்கெனவே 13 மி.மீ-க்கு மேல் தடித்த வாட்ச் இன்னும் உயர்ந்து நின்று, லக் நுனிக்குக் கீழே இடைவெளி கூடும். அளவு எல்லையில் இருப்பவர்களுக்கு அது வேண்டாத வேலை. கேஸிலிருந்தே நேராகக் கீழே தொங்கும் மெல்லிய ரப்பரோ தோலோ நல்லது.

விட்டத்துக்கு எல்லையே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் வேறு திசையில். கையின் நீளவாக்கில் அகலமான வாட்ச், மணிக்கட்டைப் பின்னால் மடக்கும்போது குமிழால் புறங்கையைக் குத்தும். தண்டால் எடுக்கும்போதும், பைக் ஓட்டும்போதும் இது தெரியும். டர்ட்டிலில் குமிழ் 3-ல் இல்லாமல் 4 மணி இடத்தில் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. இன்னொரு எல்லை, லக்கே ஏறக்குறைய இல்லாத வாட்சுகளில் வரும். சீக்கோ 1975-ல் கொண்டுவந்த டியூனா வகை டைவர்களில் வெளிக்கவசம் லக்கை முழுக்க மூடிவிடும். அங்கே நுனி என்பதே கேஸின் விளிம்புதான், எனவே விட்டமே நீளமாகிவிடுகிறது. இரண்டில் எது பெரிதோ அதைக் கையின் அகலத்தோடு ஒப்பிட வேண்டும்.

இப்போது உங்கள் விஷயம். டர்ட்டிலின் நீளம் 48 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கை அகலம் 60 என்று வந்தால் பக்கத்துக்கு ஆறு மி.மீ மிச்சம், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 56 என்றால் பக்கத்துக்கு நான்கு, என் கையும் அதுதான், நன்றாகவே உட்காரும். பெரிய வாட்ச் என்று தெரியும், பெரிய கைக்காரர் ஒருவரின் வாட்சை இரவல் வாங்கிய மாதிரித் தெரியாது. 52-லிருந்து 54-க்குள் வந்தால் அட்டைப் பொம்மையைச் செய்து கண்ணாடி முன் நின்றுவிட்டு முடிவெடுங்கள். அந்த நிலையில் ஸ்டீல் செயினை விட ரப்பர் ஸ்ட்ராப் வரும் மாடலைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு. வட்டமான கை அமைந்து 51-தான் வந்தது என்றால், பக்கத்துக்கு ஒன்றரை மி.மீ-தான் மிச்சம். அந்த அளவில் நான் டர்ட்டிலை விட்டுவிட்டு, அதே சீக்கோவில் 38 மி.மீ விட்டமும் 44 சொச்சம் நீளமும் உள்ள சின்ன 5 ஸ்போர்ட்ஸ் பக்கம் போவேன். 200 மீட்டர் நீர்த்தாங்கும் திறன் அதில் இல்லை, 100 மீட்டர்தான். ஆனால் நீங்கள் டைவ் அடிக்கப் போகிறீர்களா, பேசின் அருகில் நிற்கப் போகிறீர்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அளந்து பார்த்து அகலமும் சமதளமும் எவ்வளவு வந்தது என்று எழுதுங்கள், எலும்பின் மேல் அளக்காமல்.